ராமர் பச்சையும் மயில் கழுத்தும்

காரைக்காலில் காதர் பாட்சா ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, பச்சையில் ஒரு புடவை எடுங்கள் என்று மொட்டையாகக் கேட்டுவிட முடியாது. கேட்டால் சவரிநாதன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எந்தப் பச்சைம்மா?" என்பார். கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா, மயில் கழுத்தா, ராமர் பச்சையா? வந்தவள் திருதிருவென்று விழித்தால் அவருக்குக் கொண்டாட்டம். தட்டிலிருந்து புடவைகள் ஒவ்வொன்றாக இறங்கும். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு போகும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கடையில் விற்பனையாளராகவே தலை நரைத்தவர் அவர். கேட்ட நிறம் இல்லையென்று சொல்லி ஒருத்தியையும் வெளியே அனுப்பியது கிடையாது. ராமர் பச்சை தீர்ந்துபோயிருந்தால் மயில் கழுத்தை எடுத்துப் போட்டு, "இதாம்மா ராமர் பச்சை. போன வருசம் வந்தது கொஞ்சம் அழுத்தம், இந்த வருசம் இப்படித்தான் வருது" என்பார். மயில் கழுத்து தீர்ந்துபோனால் இதே கதை தலைகீழாக நடக்கும். அவர் பயந்தது ஒரேயொரு வகை வாடிக்கைக்காரிக்குத்தான். புடவையைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பவள். கடைக்குள் எரிந்த குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் பச்சையாகும், பச்சை இன்னும் பச்சையாகும். வாசலில் அந்த ஜாலம் செல்லாது.

அவருடைய மகள் சலோமி, பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குக் காப்பித் தூக்கு கொண்டுவருகிற சாக்கில் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள். அப்பா வாயால் கேட்டுக் கேட்டே நிறங்களைக் கற்றாள். முதலாளி காதர் பாட்சாவின் மகள் ஆரிபாவும் அவள் வயதுதான், அவளோடு ஒரே வகுப்புதான். ஆனால் ஆரிபா நிறம் கற்றது கடையின் பின்கட்டில். மில்லிலிருந்து கட்டு வந்து இறங்கியதும் ஒவ்வொரு புடவையிலும் குத்தியிருக்கிற சீட்டை அவள் வாப்பா உரக்கப் படிப்பார், இவள் முற்றத்து வெளிச்சத்தில் புடவையைப் பார்த்துச் சரி என்பாள். விற்கிறவர் மகள் ஒரு மாதிரியும் வாங்குகிறவர் மகள் ஒரு மாதிரியும் படித்தார்கள் என்று சொல்லலாம். அந்த வித்தியாசம் ஒரு நாள் வேதியியல் ஆய்வகத்தில் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் இருந்தார்கள். எண்பத்து நான்காம் வருஷம். பெண்கள் மேல்நிலைப்பள்ளியின் ஆய்வகம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். மர ஜன்னல்கள், நடுவில் நீள மேசை, சுவரோரம் உப்புக் குப்பிகள். கேஸ் வசதி கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கிற கருவியைக் கொல்லைப்புறக் கொட்டகையில் தள்ளி வைத்திருந்தார்கள். அப்படியும் அழுகின முட்டை வாடை புத்தகப் பையிலும் சடையிலும் ஏறி வீடுவரைக்கும் வரும். அந்த வாடைக்காகவே பஸ்ஸில் வருகிற வகுப்புப் பெண்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது.

கொலெத் டீச்சர்தான் வேதியியல். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அவசரத்தில் பச்சையைப் பிரெஞ்சில் "வேர்" என்று சொல்லிவிடுவார். முதல் மாதம் "இந்த உப்பு வேர்" என்று அவர் சொன்னபோது, உப்புக்கு வேர் இருக்கிறது போலிருக்கிறது என்று கோட்டுச்சேரியிலிருந்து வருகிற பங்கஜவல்லி நோட்டில் எழுதியே வைத்துவிட்டாள். டீச்சர் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினார். நீலம் என்றால் தாமிரம். பச்சை என்றால் நிக்கல், வெளிர்பச்சை என்றால் இரும்பு. நீலம் கலந்த பச்சை என்றால் தாமிரக் குளோரைடாக இருக்கலாம். வெளிறிய ரோஸ் மாங்கனீஸ், ஆழ்ந்த ரோஸ் கோபால்ட். நிறம் ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை, சோதனைதான் தீர்ப்பு என்று கோடிட்டும் காட்டினார்.

கோடிட்டதை யார் பார்த்தார்கள்? அட்டவணையை மனப்பாடம் செய்வது வேம்பாக இருந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைப் புடவையாக மாற்றினார்கள். தாமிர சல்பேட் ஆனந்தா நீலம். மாங்கனீஸ் வெங்காயத்தோல். கோபால்ட் வாடாமல்லி. இரும்பு சல்பேட் வெள்ளரிக்காய்ப் பச்சை, நாள்பட்ட குப்பியில் அதுவே துருப்பிடித்த வெள்ளரிக்காய். தாமிரக் குளோரைடு மயில் கழுத்து. நிக்கல் சல்பேட் ராமர் பச்சை. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க இந்தப் பாஷை பரவிவிட்டது. ராசாத்தியக்கா, அதாவது ஆய்வக உதவியாளர், குப்பியை எடுத்துத் தரும்போது "இந்தா ஒனக்கு வாடாமல்லி" என்பாள். அந்த வருஷத்துச் சிரிப்பையெல்லாம் நினைத்தால் இப்போதும் சலோமிக்கு நெஞ்சு இனிக்கும். சோதனைக் குழாய் உடைந்தால்கூடச் சிரிக்கத் தெரிந்த வருஷம் அது.

மாதிரித் தேர்வில்தான் வினை வந்தது. சலோமிக்குக் கிடைத்தது தாமிரக் குளோரைடு. அவள் நிக்கல் என்று எழுதினாள். கொலெத் டீச்சர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நல்லாத்தானே செய்வே. இது ஒனக்குப் பச்சையாவா தெரிஞ்சுது?"

"ராமர் பச்சை மாதிரி இருந்துச்சு டீச்சர்."

பக்கத்தில் நின்ற ஆரிபா களுக்கென்று சிரித்துவிட்டாள். "டீச்சர், அவ மேல தப்பில்ல. அவங்க அப்பா ரெண்டையும் ராமர் பச்சைன்னுதான் விப்பாரு."

சலோமிக்கு முகம் சிவந்துபோனது. உண்மை அதுதான். இரண்டு நிறத்துக்கும் நடுவே அப்பா ஒரு நாளும் வேலி போட்டதில்லை, அதனால் மகள் கண்ணிலும் வேலி இல்லை. டீச்சர் அவளைத் தனியே உட்கார்த்தி இரண்டு குழாயில் இரண்டு உப்பையும் கரைத்துக் காட்டினார். கெட்டியாகக் கரைத்தால் இரண்டும் பச்சைதான். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தாமிரக் குளோரைடு பச்சையை விட்டு நீலத்துக்குப் போனது. நிக்கல் எவ்வளவு ஊற்றினாலும் பச்சையாகவே வெளுத்தது. அமோனியா அதிகமாக விட்டால் இரண்டுமே நீலமாகும், ஆனால் தாமிரத்தின் நீலம் மசி மாதிரி, நிக்கலின் நீலம் வெளிறியது. "இதுல ஏமாந்துடாதே" என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னார்.

ஏமாறக்கூடாதுதான். செய்முறைத் தேர்வில் தவறினால் பாடத்திலேயே தவறியதாகத்தான் அர்த்தம். சலோமிக்குப் பெண்கள் கல்லூரியில் வேதியியல் பட்டப்படிப்பு சேர வேண்டும் என்பதிலேயே உயிர் இருந்தது. அப்பா ஒத்துக்கொண்டிருந்தார், ஆனால் அம்மாவிடம் அவர் ரகசியமாகச் சொன்னதை இவள் கேட்டுவிட்டாள். பாஸ் பண்ணினால் கல்லூரி, கோட்டை விட்டால் தையல் மிஷின்.

ஆரிபாவுக்கு அந்தக் கவலை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தேர்வு முடிந்த கையோடு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை மலேசியாவில் கடை வைத்திருந்தார். வகுப்பிலேயே நன்றாகச் செய்முறை செய்கிறவள் அவள்தான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வன்று மதியக் குழுவில் இரண்டு பேரும் எதிரெதிர் இடத்தில் நின்றார்கள். மாயவரம் பக்கத்திலிருந்து வெளித்தேர்வாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசினார். உப்பைச் சின்னக் காகித மடிப்பில் கொடுத்துவிட்டு, "ஒரு தடவைதான் தருவேன். கொட்டிட்டேன், தீர்ந்துபோச்சுன்னு யாரும் வரக்கூடாது" என்றார். காலைக் குழுவுக்குக் கடல் காற்று ஸ்பிரிட் விளக்கையெல்லாம் அணைத்து அணைத்து விளையாடியதாம். அதனால் மதியம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு பல்பைப் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து வோல்டேஜ் வேறு குறைவு. பல்பு சாறு பிழிந்த எலுமிச்சம்பழமாகத் தொங்கியது.

சலோமி மடிப்பைப் பிரித்தாள். பச்சை. எத்தனையோ உப்பு இருக்க, இவள் தலையில் பச்சையே விழ வேண்டுமா? உப்பு கொஞ்சம் ஈரம் கசிந்திருந்தது. குழாயில் போட்டுக் கரைத்தாள். பச்சை. பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அப்போதும் பச்சைதான். நிறம் என்று இருந்த இடத்தில் கை தன்னால் "ராமர் பச்சை" என்று எழுதியது. எழுதியதைப் பார்த்துப் பதறி அடித்துவிட்டு "பச்சை" என்று எழுதினாள்.

அமோனியா விட்டாள். ஏதோ வீழ்படிந்தது, வெளிர்நீலமா வெளிர்பச்சையா என்று அந்த வெளிச்சத்தில் சத்தியமாகத் தெரியவில்லை. இன்னும் விட்டாள். கரைந்து நீலமானது. அடர்நீலமா, வெளிறிய நீலமா? எவ்வளவு விட்டோம் என்பதே நினைவில்லை. டைமெத்தில் கிளையாக்சைம் எடுத்தாள். நிக்கலாக இருந்தால் செக்கச்செவேலென்று ரோஜா நிறத்தில் வீழ்படிய வேண்டும். வரவில்லை. பழுப்பாக ஏதோ கலங்கியது. குழாய் சரியாகக் கழுவாததால் கெட்டுப்போனதோ? மறுபடி செய்தாள், மறுபடியும் பழுப்பு. நிக்கலென்றால் ரோஜா வரவில்லை. தாமிரமென்றால் கண்ணுக்குப் பச்சை. தையல் மிஷினின் சத்தம் காதில் கேட்கவே தொடங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஆரிபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கையிலிருந்த குழாயையும் பார்த்தாள். ஆரிபாவின் தாங்கியில் நின்ற குழாயிலும் பச்சைக் கரைசல்தான். பக்கத்துக் குழாயில் ரோஜா நிற வீழ்படிவு பூத்துக் கிடந்தது. அவளுடையது நிக்கல். கண்டுபிடித்துவிட்டாள், சும்மாவா?

பேச முடியாது. தேர்வாளர் நாலடி தள்ளி நின்றார். ஆரிபா தாவணித் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டாள். பிறகு கொஞ்சமும் தயங்காமல் குரல் கொடுத்தாள்.

"ராசாத்தியக்கா, மூச்சு முட்டுது. அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்களேன்."

"காத்து அடிக்கும் பாப்பா. வெளக்கு அணைஞ்சுடும்."

"பரவால்லக்கா. தல சுத்துது."

தேர்வாளர் திரும்பி அவளைப் பார்த்தார், தலையசைத்தார். ராசாத்தியக்கா கொக்கியை நீக்கினாள். ஆரிபாவின் முதுகுப் பக்க ஜன்னல் அது. கதவு படீரென்று சுவரில் மோதியது. மதிய வெயிலும் கடல் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. முதலில் ஆரிபாவின் விளக்கு அணைந்தது. அடுத்து அவளுடைய காகித மடிப்பு எழும்பியது. அவள் கை நீட்டுவதற்குள் மிச்சமிருந்த உப்பு முழுக்கத் தரையில் சிதறியது.

சலோமி அதைப் பார்த்தாள், ஆனால் நின்று பார்க்க முடியவில்லை. அவள் கையில் இருந்த குழாயில் வெயில் பட்டிருந்தது. பச்சைக்குள் நீலம் ஓடியது. வாசல் வெளிச்சம். அப்பா பயந்த வெளிச்சம். இது ராமர் பச்சை இல்லை, எந்த ஊரிலும் இல்லை, இது மயில் கழுத்து. கரைசலில் பாதியை வேறு குழாயில் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். பச்சை விலகியது. இன்னும் ஊற்றினாள். நீலம். டீச்சர் காட்டிய அதே நீலம். அமோனியா விட்டாள், மசிப்புட்டி கவிழ்ந்ததுபோல் கறுநீலமாக வந்தது. இன்னொரு பங்கில் அசிட்டிக் அமிலமும் பொட்டாசியம் பெர்ரோசயனைடும் விட்டபோது சாக்லேட் பழுப்பில் வீழ்படிந்தது. தாமிரம், தாமிரம். வெள்ளி நைட்ரேட்டுக்குத் தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக வந்து அமோனியாவில் கரைந்தது. குளோரைடு.

எழுதி முடித்துத்தான் எதிரே பார்த்தாள். ஆரிபா கை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். விளக்கை மறுபடி ஏற்றவில்லை. உப்பின் மறுபாதியான அமில மூலத்தைக் கண்டுபிடிக்கச் சோடியம் கார்பனேட் சாறு காய்ச்ச வேண்டும், உப்பு போய்விட்டதால் அதற்கு வழியில்லை என்பது சரிதான். ஆனால் தாங்கியில் நின்ற குழாயில் கரைசல் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடும் விட்டால் போதும், சல்பேட்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இதைச் சலோமிக்குச் சொல்லிக்கொடுத்ததே ஆரிபாதான். பேரியம் குளோரைடு குப்பி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. சலோமி கண்ணால் அதைக் காட்டினாள். ஆரிபா பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை திரும்பவே இல்லை.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சலோமியின் தாளை விரலால் தடவினார்.

"காப்பர் குளோரைடு. சரி. இங்க ஏதோ அடிச்சிருக்கியே, அது என்ன?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"ராமர் பச்சைன்னு போட்டிருக்கு. அது எந்த உப்பு?"

"உப்பு இல்ல சார், புடவை."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போய்ட்டு வாம்மா" என்றார்.

ஆரிபாவின் முறை வந்தபோது சலோமி கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தாள். "நிக்கல் சரி. அமில மூலம் ஏன் எழுதல?" என்று அவர் கேட்டார். "உப்பு கொட்டிடுச்சு சார்" என்றாள் ஆரிபா. "பாதி மார்க்குதாம்மா வரும்" என்றார் அவர், வருத்தமாகவே. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

பாரதியார் வீதி வழியாகக் கடைப்பக்கம் நடந்தார்கள். சலோமிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது, இன்னொரு பக்கம் பொறுக்க முடியவில்லை. பேக்கரி முனை தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"எனக்காகத்தானே ஜன்னலத் தொறக்கச் சொன்னே?"

"ஆமா. நீ கொழாய வெச்சுக்கிட்டு முழிச்ச முழி அப்படி."

"உன் உப்பு போச்சே என்னால."

"உப்பு காத்துல போச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"சரி, கரைசல் இருந்துச்சுல்ல? பேரியம் குளோரைடு கைக்குப் பக்கத்துல இருந்துச்சுல்ல? சல்பேட்டுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன்டி சும்மா நின்னே?"

ஆரிபா தலையில் நழுவிய தாவணியைச் சரிசெய்துகொண்டாள். எதிரே வந்த சைக்கிளுக்கு வழி விட்டாள். அவள் கண் கலங்கியிருக்கவில்லை, குரலும் எப்போதும்போலத்தான் இருந்தது.

"முழுசாக் கண்டுபிடிச்சிருந்தா நல்ல மார்க்கு வந்திருக்கும் சலோமி. நல்ல மார்க்கு வந்தா மேல படிக்கணும்னு ஆசை வரும். வந்தா அத எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

சலோமி நடுத்தெருவில் நின்று அழுதாள். அழ வேண்டியவள் அழாமல், இவளுக்குக் கைக்குட்டையை நீட்டினாள். "அழாத, அப்பா பாத்தா ஃபெயிலாயிட்டேன்னு நெனச்சுக்கப்போறாரு" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கடைவரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.